எழும்பிவிட்டேன் என்று நினைத்தால் அதுவும் கனவு

கேள்வி: டொக்ரர், எனக்கு 19 வயது. உயர்தரம் இரண்டாந்தரம் எடுக்கப் போறன். இரவு 1 மணி வரை படிச்சிட்டு 4 மணிக்கு அலாரம் வைப்பன். போன கிழமை அலாரம் அடிக்க எழும்பி, லைற் போட்டு, கிணத்தடிக்குப் போனன். அம்மம்மா துலாவில தண்ணி அள்ளித் தந்தா. முகம் கழுவிப் போட்டு சைக்கிளில ரியூசனுக்குப் போனால் ஒருத்தரும் இல்லை. திடுக்கிட்டு முழிச்சன். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து, ‘நேரம் போட்டுது, எழும்பு’ எண்டா. குடிச்சன். அதுவும் கனவு! உண்மையா எழும்பேக்க 6.10. எங்கட கிணத்துக்கு இப்ப மோட்டர். அம்மம்மா செத்து 2 வருசம். இப்ப காலமையில ‘இதுவும் கனவோ’ எண்டு பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?
— மாணவி, கோப்பாய்

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். இதற்குப் பெயர் பொய் விழிப்பு. நல்ல சுகதேகிகளுக்கும் வரும். மூளையில் கோளாறு என்பதற்கோ, அம்மம்மா எதற்கோ கூப்பிடுகிறா என்பதற்கோ இது அடையாளம் இல்லை.

நீங்கள் படுக்கிற நேரத்தையும் எழும்புகிற நேரத்தையும் பார்த்தாலே காரணம் தெரிகிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகும். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். தெளிவான, நீளமான கனவுகள் வரும் ரெம் தூக்கம் விடியப்புறச் சுற்றுகளில்தான் கூடும். நீங்கள் 1 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்பினால் அந்தப் பங்கைத்தான் வெட்டுகிறீர்கள். அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பச் சரிந்தால், மூளை விட்ட இடத்தைப் பிடிக்க நேரே ரெம் தூக்கத்துக்குள் போய்விடும். அப்போது உங்கள் மனதில் நிற்பது ஒரே எண்ணம்: ‘எழும்ப வேண்டும், ரியூசன் இருக்கு’. அதையே எடுத்து மூளை கனவாக ஓட்டிக் காட்டுகிறது. எழும்பாமலே எழும்பிய வேலை முடிந்துவிடுகிறது.

யவ் தெலாஜ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளருக்கும் இதே கதை நடந்தது. ஒருவருக்குச் சுகமில்லை, வாருங்கள் என்று யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழும்பி உடுத்துக்கொண்டு, நனைந்த பஞ்சால் முகத்தைத் துடைக்கிறார். அந்தக் குளிரில் விழிப்பு வருகிறது, பார்த்தால் கட்டிலில் கிடக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே தட்டல், அதே பஞ்சு. இப்படித் திரும்பத் திரும்ப. உங்களுக்குக் கிணற்றடித் தண்ணீர், அவருக்குப் பஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘கனவுக்குள் கனவு’ என்றவுடன் ஏதோ அடுக்கடுக்காக ஆழத்துக்குப் போய்விட்டோம், இனி ஏறி வர முடியாதோ என்று சிலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி அடுக்குகள் கிடையாது. ஓடுவது ஒரே தூக்கம். அதில் ‘நான் திடுக்கிட்டு முழித்தேன்’ என்பதும் ஒரு காட்சிதான், சைக்கிள் ஓடியதைப் போல. இடையில் சில விநாடி உண்மையாகவே விழித்துத் திரும்ப உறங்கியும் இருக்கலாம். எப்படியானாலும் அந்த ரெம் தூக்கம் முடிந்தால் எல்லாம் சேர்ந்தே முடியும்.

சரி, இறந்துபோன அம்மம்மா இல்லாத துலாவில் தண்ணீர் அள்ளித் தந்தபோது உங்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? ரெம் தூக்கத்தில் உணர்ச்சியும் காட்சியும் சம்பந்தப்பட்ட பகுதிகள் மும்முரமாக வேலை செய்யும். ‘இது பொருந்துதா?’ என்று சரிபார்க்கிற முன்மூளைப் பகுதியோ மந்தமாக இருக்கும். ஆகவே கனவில் ‘நான் முழிப்பாத்தான் இருக்கிறன்’ என்ற நிச்சயம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதற்குப் பெறுமதி இல்லை. உணர்வை நம்பாமல், கையால் செய்து பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும்.

நான் சொல்வது மூக்குச் சோதனை. இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பொத்தி, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். முழிப்பென்றால் காற்று வராது. கனவென்றால் பெரும்பாலும் தாராளமாக வரும். காரணம் லேசானது. ரெம் தூக்கத்தில் கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும், ஆனால் கண்ணும் மூச்சுத் தசையும் வேலை செய்யும். கனவில் பொத்தியது கனவு மூக்கு. உண்மை மூக்கு தலையணையில் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எழுத்து. உங்கள் ரியூசன் கொப்பியில் ஒரு வரியை வாசியுங்கள், பார்வையை எடுத்துவிட்டுத் திரும்ப அதே வரியை வாசியுங்கள். கனவில் சொற்கள் மாறிவிடும், அல்லது குழம்பி நிற்கும். போனில் நேரத்தை இரண்டு தரம் பார்ப்பதும் இதே வகை. கிள்ளிப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நான் பெரிதாக எடுப்பதில்லை, நோவையும் கனவு காட்டிவிடும். லைற் சுவிட்சும் அப்படித்தான். சிலருக்குக் கனவில் பல்ப் எரியாது, உங்களுக்கு எரிந்திருக்கிறது.

இதில் ஒரு குறை இருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே கனவில் வராது. அதனால் பகலிலேயே ஒரு இடத்தில் கட்டி வையுங்கள்: கட்டிலை விட்டுக் கால் நிலத்தில் பட்டவுடன் மூக்கு. தினமும் செய்தால் பழக்கம் கனவுக்குள்ளும் வரும். காற்று வந்தால் கனவு என்று ஏறக்குறைய முடிவாகச் சொல்லலாம். வராவிட்டால் ஒரு வரியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்தால் சந்தேகம் குறையாது, வளரும். மாடியில் இருந்து குதித்துப் பார்ப்பது, அடுப்பில் கை வைப்பது போன்ற சோதனைகள் ஒருபோதும் வேண்டாம்.

கனவென்று தெரிந்துவிட்டால் போராட வேண்டியதில்லை. கண்ணை இறுக்கி மூடித் திறந்து பாருங்கள், பலருக்கு அதிலேயே விழிப்பு வரும். வராவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக முடியும்.

‘பேய் அமுக்குது’ என்று ஊரில் சொல்வது வேறு. அதில் கண் உண்மையாகவே திறந்திருக்கும், உங்கள் அறைதான் தெரியும், உடம்பு மட்டும் அசையாது. அதில் கிணற்றடி வரை நடந்து போக முடியாது.

இனி மருந்து. மருந்து என்றால் நேர அட்டவணைதான். 10.30க்குப் படுத்து 5.30க்கு ஒரே தடவை எழும்புங்கள். 7 மணித்தியாலம் உங்கள் வயதுக்குக் குறைந்தபட்சம். போனைக் கட்டிலில் இருந்து எட்டாத இடத்தில் வையுங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு அலாரத்தைத் தள்ளிப் போடுகிற அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம், பொய் விழிப்பு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. ஒரு கிழமை, இரண்டு கிழமையில் குறைவதைக் காண்பீர்கள்.

ஒரு கேள்வி உங்களிடம். பரீட்சைப் படபடப்புக்கு என்று யாராவது புரோப்ரனலோல் குளிசை தந்தார்களா? மைக்ரேன் தலையிடிக்கும் அதைக் கொடுப்பார்கள். அது கனவைக் கூர்மையாக்கக் கூடியது. மனச்சோர்வுக் குளிசைகளைத் திடீரென நிறுத்தினாலும் கனவுகள் வெள்ளமாக வரும். எதையும் நீங்களாக நிறுத்தாமல், தந்த வைத்தியரிடமே கேளுங்கள்.

போதிய அளவு தூங்கியும் பகலில் வகுப்பில் அடக்க முடியாமல் நித்திரை வந்து விழுவது, சிரிக்கும்போது முழங்கால் சட்டெனத் தளர்வது, எழும்பி நடந்து திரிந்த பிறகும் கனவில் நடந்ததை நடந்ததாகவே நம்பிக்கொண்டிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய், நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். போகும்போது இரண்டு கிழமைக்குப் படுத்த நேரம், எழும்பிய நேரம், இப்படிக் கனவு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு போனால் அவருக்கு வேலை லேசு.