எந்த பீன்ஸ்?

கேள்வி: ஒரு சீரியல் சப்டைட்டிலில் ‘நீதான் பீன்ஸைக் கொட்டினாயா?’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்பில் த பீன்ஸ்’. இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது?

ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவது என்று பொருள். நீங்கள் ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவராக இருக்கலாம். அதில் தப்பே இல்லை, தப்பு எழுதியவர் மேல்தான். இதே வரியை நானும் ஒருமுறை அப்படி எழுதியவள் என்பதால் சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தே சப்டைட்டில் எழுதுகிறேன். அந்த வேலைக்குப் படம் தரவில்லை, வசனம் மட்டும்தான் வந்தது. அக்காவின் நிச்சயதார்த்த விஷயத்தைத் தங்கை அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அக்கா கோபமாகக் கேட்கும் வரி அது. டிவியில் வந்தபோது என் அத்தை கேட்டார்: “ஏம்மா, அங்க யாரும் சமைக்கவே இல்லையே, எந்த பீன்ஸு?”

அந்தக் கேள்விதான் வழி. ஆங்கிலத்தில் ‘த’ போட்டால் பேசுகிற இருவருக்கும் தெரிந்த பொருள் என்று அர்த்தம். அப்படி ஒரு பொருள் அந்தக் காட்சியிலேயே இல்லையென்றால், அது மரபுத்தொடராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்து, கொட்டியது எது என்பதை விட்டுவிட்டு, கொட்டியதால் என்ன ஆனது என்று பாருங்கள். இங்கே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பீன்ஸ் இருக்கும் இடத்தில் ரகசியத்தை வைத்தால் வாக்கியம் சரியாக உட்காரும். எல்லாத் தொடரும் இப்படிப் பிரியாது. செத்துப்போனான் என்பதற்கு ‘கிக் த பக்கெட்’ என்பார்கள். அதில் வாளி எது, உதை எது என்று பிரித்தால் ஒன்றும் கிடைக்காது, மொத்தமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் எழுதும்போது எப்படிச் சொன்னாள் என்பதையும் பார்க்க வேண்டும். வாய் தவறிச் சொன்னால் உளறிக்கொட்டிவிட்டாள். வேண்டுமென்றே சொன்னால் போட்டு உடைத்துவிட்டாள். மிரட்டி வாங்கினால் கக்கிவிட்டாள். அந்தத் தங்கை வாய் தவறித்தான் சொன்னாள். ஆகவே ‘நீதான் உளறிக்கொட்டினியா?’ போதும். அதில் கொட்டுவதும் இருக்கிறது, பீன்ஸ்தான் இல்லை.

நேராகப் பெயர்ப்பதே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். பத்திரிகைகளில் படித்துப் படித்து நமக்குப் பழகிவிட்டது. ‘பீன்ஸைக் கொட்டு’ அப்படிப் பழகவில்லை. நமக்கு பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்குகிற பச்சைக் காய். அது கொட்டினால் அள்ளிப் போட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம் ஒரு வருத்தம். நான் பிறகு அனுப்பிய திருத்தத்தைப் பார்த்த சென்னைக்காரர் ஒருவர், ‘உளறிக்கொட்டு’ பெங்களூர்த் தமிழ் என்று அடித்துவிட்டு ‘ரகசியத்தை வெளிப்படுத்தினாயா’ என்று போட்டார். நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே தமிழ் பேசுகிறோம். அந்தச் சொல் திருவண்ணாமலையிலிருந்து வந்த என் பாட்டி தினமும் பேசியது. கோபத்தில் இருக்கும் எந்த அக்கா தங்கையிடம் ‘வெளிப்படுத்தினாயா’ என்று கேட்பாள்?