பெயர்ச்சீட்டில் வினைச்சொல் வேண்டும்

“தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வீட்டுச் சாமான்களில் ஆங்கிலப் பெயர் ஒட்டி இரண்டு மாதமாகிறது. இன்னும் தமிழில் நினைத்துத்தான் மொழிபெயர்க்கிறேன். எங்கே தவறு?”

வணக்கம். ஃபேன், டேப், பக்கெட் ஆகியவை நீங்கள் முன்பே அறிந்த சொற்கள். உங்களுக்குத் தடை வினைச்சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதாலும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வருவதாலும், பெயரை மட்டும் கற்ற மனம் வாக்கியத்தைத் தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது. ‘ஃபேனைப் போடு’ என்பதை ‘புட் த ஃபேன்’ என்றும், ‘குழாயைத் திற’ என்பதை ‘ஓப்பன் த டேப்’ என்றும் மனம் சொன்னால், அது மொழிபெயர்க்கிறது என்று அறியலாம்.

ஆகவே சுவிட்சின் அருகில் ‘டர்ன் ஆன் த ஃபேன்’ என்றும், குழாயருகில் ‘டர்ன் ஆன் த டேப்’ என்றும் முழுத்தொடரையே எழுதுங்கள். ஐந்து சீட்டுகள் போதும். நாள்பட்ட சீட்டு கண்ணில் படாது என்பதால் வாரந்தோறும் மாற்றுங்கள்.

அடுத்து, மனத்துக்குள் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரே வேலையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, ‘ஐ ஆம் ஃபில்லிங் த பாட்’, ‘இட் இஸ் ஆல்மோஸ்ட் ஃபுல்’, ‘ஐ ஆம் கேரியிங் இட் அப்ஸ்டேர்ஸ்’ என, கை செய்வதை மட்டும் அந்தந்தக் கணத்தில் சொல்லுங்கள். தண்ணீர் தளும்பும்போது சொல் வராவிட்டால் அங்கே நின்று தேடாமல், ‘த வாட்டர் இஸ் ஃபாலிங்’ என்று தெரிந்ததைச் சொல்லிக் கடந்துவிடுங்கள்; ‘ஸ்பில்லிங்’ என்பதை மாலையில் அகராதியில் கண்டு, குடத்தருகே அடுத்த சீட்டாக ஒட்டலாம். இப்பயிற்சி உச்சரிப்பைத் திருத்தாது. அதற்கு வாய்விட்டுப் பேசவே வேண்டும்.