ஈல்டு வளைவு முறுக்கினால் எந்த முனையில் அடி விழும்?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் முதலீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் 10 கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்கள் உள்ளன. பாதி 2 ஆண்டு, பாதி 30 ஆண்டு. ட்யூரேஷன் 7.2 வருவதால், 10 ஆண்டுப் பத்திரம் வைத்திருப்பதைப் போலத்தான் இது என்று சொன்னார்கள். இப்போது 2 ஆண்டு ஈல்டு 25 அடிப்படைப் புள்ளி, அதாவது 0.25 சதவீதம் இறங்கி, 30 ஆண்டு ஈல்டு அதே அளவு ஏறியிருக்கிறது. 10 ஆண்டு அசையவே இல்லை. ஆனால் எங்கள் பத்திரங்களின் மதிப்பு ஏறத்தாழ 13 லட்சம் குறைந்துவிட்டது. கணக்கில் தவறா? இதை முன்பே கண்டுகொள்ள வழி உண்டா, ஐயா?

பதில்: கணக்கில் தவறில்லை. ஈல்டு 1 சதவீதம் மாறினால் பத்திர விலை எதிர்த்திசையில் எத்தனை சதவீதம் மாறும் என்பதே ட்யூரேஷன். அந்த ஒற்றை எண், எல்லா முதிர்வுகளின் ஈல்டும் ஒரே அளவில், ஒரே திசையில் நகரும்போது மட்டுமே உண்மையைச் சொல்லும். முதிர்வு வாரியாக ஈல்டுகளை வரைந்த வளைவின் ஒரு முனை இறங்கி மறுமுனை ஏறும்போது, அந்த 7.2 எந்தெந்த முதிர்வுகளிலிருந்து வந்து சேர்ந்தது என்பதுதான் இழப்பைத் தீர்மானிக்கிறது. அந்தப் பிரிவினையைக் காட்டுவதே கீ ரேட் ட்யூரேஷன். தாமஸ் ஹோ 1992-இல் முன்வைத்த இந்த முறையில், வளைவின் மீது சில முதிர்வுகளை முக்கியப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியாக அசைத்து மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறோம்.

உங்கள் பத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். ஈல்டு தோராயமாக 2 ஆண்டுக்கு 6 சதவீதம், 10 ஆண்டுக்கு 6.5 சதவீதம், 30 ஆண்டுக்கு 7 சதவீதம் என்றும், பத்திரங்கள் முகமதிப்புக்கு அருகில் விலைபோகின்றன என்றும் கொண்டால், 2 ஆண்டுப் பத்திரத்தின் ட்யூரேஷன் 1.86, 30 ஆண்டுப் பத்திரத்தினுடையது 12.47. இரண்டிலும் பாதிப் பாதிப் பணம் இருப்பதால், 2 ஆண்டுப் புள்ளியில் உங்கள் கீ ரேட் ட்யூரேஷன் 0.93, 30 ஆண்டுப் புள்ளியில் 6.24, 10 ஆண்டுப் புள்ளியில் ஒன்றுமே இல்லை. கூட்டினால் 7.17. தனியாக ஒரு 10 ஆண்டுப் பத்திரத்துக்கு 7.27 வரும். கூட்டுத்தொகைகள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால்தான் இரண்டும் ஒன்றே என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கையிருப்பில் ஏழில் ஆறு பங்குக்கும் மேல் 30 ஆண்டு முனையில் தொங்குகிறது.

நடந்த நகர்வை இதில் பொருத்திப் பாருங்கள். 2 ஆண்டு ஈல்டு 0.25 சதவீதம் இறங்கியதால் கிடைத்த ஆதாயம் 0.93 × 0.25, அதாவது 0.23 சதவீதம், 10 கோடிக்கு அது 2.3 லட்சம். 30 ஆண்டு ஈல்டு அதே அளவு ஏறியதால் வந்த நட்டம் 6.24 × 0.25, அதாவது 1.56 சதவீதம், அது 15.6 லட்சம். நிகர இழப்பு 13.3 லட்சம். நீங்கள் எழுதிய தொகை இதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்குக் காரணம், 30 ஆண்டுப் பத்திரத்தின் குவிவுத்தன்மை, அதாவது ஈல்டு ஏற ஏற விலை விழும் வேகம் குறையும் இயல்பு, ஏறத்தாழ 38 ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தருகிறது என்பதே. பெரிய நகர்வுகளில் இந்தத் திருத்தம் பெரிதாகும் என்பதால், கீ ரேட் ட்யூரேஷனைச் சிறு நகர்வுகளுக்கான அளவாகவே கொள்ள வேண்டும்.

இத்தகைய முறுக்கு அபூர்வமானதன்று. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியது, ஆனால் அதே அறிவிப்பில் தன் நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியதால், இனிக் குறைப்பு அதிகம் இராது என்று சந்தை கருதியது. அதன்பின் வந்த வாரங்களில் நீண்டகால ஈல்டு ஏறியது. வட்டி குறைந்தால் பத்திர விலை ஏறும் என்று மட்டும் நம்பி 30 ஆண்டுப் பத்திரம் வாங்கியவர்கள் அப்போது நட்டத்தைத்தான் கண்டார்கள்.

இனி, நீங்களே கணக்கிடும் முறை. 2, 5, 10, 30 ஆகிய நான்கு புள்ளிகள் இப்போதைக்குப் போதும். நிதிச் சந்தை அளவுகோல்களைத் தரும் எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் வெளியிடும் அரசுப் பத்திரங்களின் பார் ஈல்டு, அதாவது பத்திரம் முகமதிப்பிலேயே விலைபோகும் ஈல்டு, அட்டவணையை எடுத்துக்கொண்டு, ஒரு புள்ளியை மட்டும் 0.10 சதவீதம் ஏற்றியும் இறக்கியும் எல்லாப் பத்திரங்களையும் மறுபடி விலையிடுங்கள். கீழே KRD என்பது கீ ரேட் ட்யூரேஷன், P0 இப்போதைய மதிப்பு, P_up ஈல்டை ஏற்றியபின் வரும் மதிப்பு, P_down இறக்கியபின் வரும் மதிப்பு.

```
KRD = (P_down - P_up) / (2 * P0 * 0.001)
```

ஒரு புள்ளியை அசைக்கும்போது அதன் தாக்கம் அடுத்த புள்ளியை நோக்கிச் சீராகக் குறைந்து, அங்கே பூஜ்யமாக வேண்டும். உதாரணமாக, 14 ஆண்டு பாக்கியுள்ள தமிழ்நாடு மாநிலக் கடன் பத்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால், அது 10 ஆண்டுப் புள்ளியின் நகர்வில் 80 சதவீதத்தையும், 30 ஆண்டுப் புள்ளியின் நகர்வில் 20 சதவீதத்தையும் உணரும். அதன் ட்யூரேஷன் 8.83 என்றால், 7.06 முதற்புள்ளிக்கும் 1.77 இரண்டாவதற்கும் போகும். ஆனால் 10-க்கும் 30-க்கும் நடுவே உள்ள இடைவெளி மிகப் பெரியது. அந்த இடையில் பத்திரங்கள் பல இருந்தால், 15 ஆண்டைத் தனிப் புள்ளியாகச் சேர்ப்பதே சரி. மேலும், இந்தக் கணக்கு மத்திய அரசுப் பத்திர வளைவை மட்டுமே பார்க்கிறது. மாநிலப் பத்திரத்துக்கு அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் ஈல்டு தனியாக விரியவும் சுருங்கவும் செய்யும்; அதைத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

எல்லாப் புள்ளிகளின் எண்களையும் கூட்டி, வளைவு முழுவதையும் ஒரே அளவு அசைத்துப் பெறும் ட்யூரேஷனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டிவர வேண்டும். ஒட்டாவிட்டால், பெரும்பாலும் 2 ஆண்டுக்குக் குறைவான பகுதியோ 30 ஆண்டுக்கு அப்பாலுள்ள பகுதியோ அசையாமல் விடுபட்டிருக்கும். முனைப் புள்ளிகளின் நகர்வு அவற்றுக்கு வெளியே முழு அளவில் தொடர வேண்டும். இந்தச் சோதனையில் தெரியாத இன்னொரு பிழையும் உண்டு. பார் ஈல்டு வளைவில் கணக்கிட்ட கீ ரேட் ட்யூரேஷனை, இடையில் வட்டி தராத பத்திரங்களின் ஈல்டைக் காட்டும் பூஜ்யக் கூப்பன் வளைவின் நகர்வோடு பெருக்கினால், கூட்டுத்தொகை சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும். பூஜ்யக் கூப்பன் வளைவில் 30 ஆண்டுப் பத்திரத்தின் ஒவ்வொரு வட்டித் தவணையும் அதனதன் முதிர்வுக்கான புள்ளியில் போய் விழும். பார் வளைவில் அது முழுவதும் 30-இல் நிற்கும். எந்த அட்டவணையில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். மாட்டுத்தாவணி வியாபாரிகளும் மேலூர்ப் பக்கத்து விவசாயிகளும் உங்களைப் போன்ற வங்கிகளில் போடும் வைப்புகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் முதிர்பவை. வைப்புகளுக்கும் இதே அட்டவணையைப் போட்டால் எண்கள் 2 ஆண்டுப் புள்ளியைச் சுற்றியே இருக்கும்; 30 ஆண்டுப் புள்ளியில் உள்ள 6.24-க்கு எதிரே வைக்க ஒன்றும் இராது. ஆகவே, மொத்த ட்யூரேஷனை மாற்றாமலே அந்த எண்ணைக் குறைப்பதை முதற்படியாகச் சொல்வேன். 2 ஆண்டில் 2 கோடியும் 30 ஆண்டில் 2 கோடியும் விற்று, 10 ஆண்டில் 4 கோடி வாங்கினால் 2, 10, 30 ஆண்டுப் புள்ளிகளின் கீ ரேட் ட்யூரேஷன்கள் முறையே 0.56, 2.91, 3.74 ஆகும், கூட்டுத்தொகை 7.21. இதே முறுக்கு மறுபடி வந்தால் இழப்பு 13.3 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 8 லட்சமாகக் குறையும். பதிலுக்கு, நீண்ட முனை இறங்கும் நாளில் வரக்கூடிய ஆதாயமும் குறையும். குவிவுத்தன்மையிலும் ஒரு பகுதியை இழப்பீர்கள். வைப்புதாரர்களின் பணத்தைக் கையாளும் வங்கிக்கு அந்த விலை ஏற்கத்தக்கதே என்பது என் கருத்து. விற்பதற்கு முன், அந்த 30 ஆண்டுப் பத்திரங்கள் முதிர்வு வரை வைத்திருக்கும் பிரிவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால் விற்பனைக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.