ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவருக்குத் தெரியுமா? – கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுதுவது என் தொழில். ஒரு சாட் செயலியில் ஸ்கிரீன்ஷாட் தடுப்பு வேலையைச் சில வருடம் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மழைக்குருவி: வாட்ஸ்அப்ல ஒருத்தர் சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். அவருக்கு நோட்டிஃபிகேஷன் போயிருக்குமா?

போயிருக்காது. சாதாரண சாட்டுக்கு வாட்ஸ்அப் எந்தத் தகவலும் அனுப்புவதில்லை.

தனிவழி: டெலிகிராம் சீக்ரெட் சாட்டில் என் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடவில்லை. அதை நம்பித்தான் நண்பரிடம் எல்லாம் பேசினேன். திடீரென்று அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததாக ஒரு வரி வந்தது. தடையை எப்படி உடைத்தார்?

உங்களிடம் ஆண்ட்ராய்டும் அவரிடம் ஐபோனும் இருக்க வேண்டும். அப்படியானால் அவர் எதையும் உடைக்கவில்லை. ஒரே சாட் என்று நாம் நினைத்தாலும், அது இரண்டு போன்களில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் காவல் அந்தந்த போனின் இயங்குதளம்தான்.

ஆண்ட்ராய்டில் ஒரு திரையைப் படமெடுக்கக் கூடாது என்று செயலி முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அதற்கு வேண்டியது ஒரே வரி:

```
window.addFlags(WindowManager.LayoutParams.FLAG_SECURE)
```

இதைப் போட்டுவிட்டால் மற்றதை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது என்று மறுத்துவிடும். திரையை வீடியோவாகப் பதிவு செய்தால் அந்தப் பகுதி கறுப்பாக விழும். ஐபோனில் செயலிகளுக்கு இப்படியொரு நேரடிக் கட்டளை கிடையாது. அங்கே கிடைப்பது ஒரு செய்தி மட்டும்: "இப்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டது." எடுத்து முடித்த பிறகுதான் அந்தச் செய்தி செயலிக்கு வரும். டெலிகிராம் அதை வாங்கி உங்களுக்கு ஒரு வரியாகக் காட்டியது. படம் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது.

அதனால் உங்கள் போனில் முயன்று பார்த்துவிட்டு, "தடுக்கிறது, சரி" என்று முடிவு செய்யாதீர்கள். எதிரில் இருப்பவர் என்ன போன் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. அப்புறம், எந்தத் தடையும் இன்னொரு போனின் கேமராவைத் தடுக்காது.

ஊர்க்காவலன்: சிக்னலில் Screen security போட்டிருக்கிறேன். இனி என் மெசேஜை யாரும் எடுக்க முடியாது, சரிதானே?

பாதி சரி. அது உங்கள் போனில் நடப்பதை மட்டும் கட்டுப்படுத்தும். எதிராளியின் போனில் அவருடைய அமைப்புதான் செல்லும்.

ஊர்க்காவலன்: அப்படியென்றால் அது எதற்கு? என் சாட்டை நானே எடுப்பதைத் தடுக்கவா?

உங்கள் போனில் இருக்கும் வேறு செயலிகளிடமிருந்து காக்க. திரையைப் பதிவு செய்யும் செயலிகள் இருக்கின்றன. அண்மைச் செயலிகள் பட்டியலில் சாட்டின் சிறு படம் தெரியும், பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடலாம். 2025 மே மாதம் சிக்னல் விண்டோஸ் 11 கணினியில் இதை இயல்பாகவே இயக்கி வைத்ததற்கும் இதுதான் காரணம். திரையை அடிக்கடி தானே படமெடுத்துச் சேமிக்கும் ரீகால் வசதியில் சாட் பதிவாகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

நீலக்கடல்: வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுத்தா தெரியுமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

சுடர்: ஸ்னாப்சாட், இன்ஸ்டாகிராம் எப்படி?

ஸ்னாப்சாட்டில் சாட்டை எடுத்தாலும் தெரியும், ஸ்னாப்பை எடுத்தாலும் தெரியும். இன்ஸ்டாகிராமில் சாதாரண மெசேஜுக்குத் தகவல் போகாது. மறைந்துபோகும்படி அனுப்பிய படத்தை எடுத்தால் போகும்.

பழைய பேட்டரி: ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. ஆண்ட்ராய்டில் அறிவிப்பு வருகிறது என்று யார் சொன்னாலும் பொய்.

2023-க்கு முன்பு என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வேன். அப்போது செயலிகள் சேமிப்பகத்தில் புதிய ஸ்கிரீன்ஷாட் கோப்பு வருகிறதா என்று கவனித்துத்தான் ஊகித்தன. அதற்கு உங்கள் படங்களைப் பார்க்கும் அனுமதி வேண்டும். அனுமதி தராவிட்டால் தெரியாது. அந்த வருடம் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் இதற்கென்றே முறையான வழி வந்துவிட்டது. எடுத்த படம் செயலிக்குப் போகாது, எடுத்தார் என்ற செய்தி மட்டும் போகும். ஆனால் பொத்தான்களை அழுத்தி எடுத்தால்தான் அது தெரியும். கணினியோடு இணைத்து adb கட்டளையால் எடுத்தால் தெரியாது. ஆக, நீங்கள் சொல்வது முழுதாகத் தவறில்லை, பழையதாகிவிட்டது.

பழைய பேட்டரி: அப்படியானால் வாட்ஸ்அப் ஏன் இன்னும் எல்லா சாட்டுக்கும் அறிவிப்பு வைக்கவில்லை? முடிந்தும் செய்யாமல் இருப்பது அலட்சியம்.

வெண்மேகம்: தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். ஒருவர் என்னை மாதக்கணக்காக மிரட்டினார். ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் புகார் கொடுத்தேன். நான் சேகரிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்திருப்பார். அதைவிட மோசமாக ஏதாவது செய்திருப்பார்.

பழைய பேட்டரி: உங்கள் நிலை புரிகிறது. ஆனால் என் தனிப்பட்ட படம் பரவினால் எனக்கு யார் துணை? குறைந்தபட்சம் யார் எடுத்தார் என்றாவது தெரிய வேண்டாமா?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் வெண்மேகத்தின் பக்கம் சாய்கிறேன். பரப்ப நினைப்பவர் இன்னொரு போனால் எடுத்துவிட்டுப் போவார், அறிவிப்பு வராது. அந்தத் தந்திரம் தெரியாமல் சாட்சிக்காக எடுப்பவர்தான் மாட்டிக்கொள்வார். அதே சமயம், அறிவிப்பு வரும் என்ற தயக்கத்தாலேயே எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு. அதையும் நான் மறுக்கவில்லை.

வெண்மேகம்: அவர் கடைசியில் ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாக அனுப்பத் தொடங்கினார். எடுத்தால் கறுப்பாக வந்தது. எடுக்க முயன்றது அவருக்குத் தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்காது. நீங்கள் திறந்தீர்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வகைப் படம் வாட்ஸ்அப்பில் 2021-இல் வந்தது. ஸ்கிரீன்ஷாட் தடையை அடுத்த வருடம் சேர்த்தார்கள்.

இனி அப்படி வந்தால் உடனே திறக்காதீர்கள். திறக்காத படம் 14 நாள் வரை அப்படியே இருக்கும். இன்னொரு போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, அதில் வீடியோ ஓடவிட்டுப் பிறகு திறங்கள். அவர் பெயரும் எண்ணும் தெரியும் சாட் திரையிலிருந்தே வீடியோ தொடங்கட்டும். அப்போதுதான் அந்தப் படம் யாரிடமிருந்து வந்தது என்பது ஒரே தொடர்ச்சியாகப் பதிவாகும். படத்தை மூடிவிட்டால் மறுபடி திறக்க முடியாது. எடுத்த வீடியோவை வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.

மின்மினி: அந்தக் கறுப்பு திரையை நீக்க ஒரு ஆப் இருக்காமே? லிங்க் கிடைக்குமா?

தர மாட்டேன். அப்படிச் சொல்லி வரும் மாற்றப்பட்ட வாட்ஸ்அப்களில் உங்கள் எல்லா மெசேஜும் யாரோ எழுதிய நிரலின் வழியாகப் போகும். "யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார் என்று காட்டுகிறோம்" என்னும் செயலிகளையும் நிறுவாதீர்கள். அடுத்தவர் போனில் நடந்ததை உங்கள் போனில் மட்டும் இருக்கும் ஒரு செயலி அறிய வழியே இல்லை.

கார்த்திகை: வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் எடுத்தா? குரூப் சாட் எடுத்தா? டிபி எடுத்தா?

ஸ்டேட்டஸ், குரூப் இரண்டுக்கும் தகவல் போகாது. முகப்புப் படத்தை எடுக்க விடாமல் தடுக்கிறார்கள். வாட்ஸ்அப் பற்றி இதோடு போதும், மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

தனிவழி: நண்பரிடம் கேட்டேன், ஐபோன்தான். அழித்துவிட்டேன் என்கிறார். அழித்தாரா என்று டெலிகிராமில் பார்க்க முடியுமா?

முடியாது. எடுத்த படம் அவருடைய போட்டோ தொகுப்பில் இருக்கும், டெலிகிராமுக்கு அதில் தொடர்பில்லை. உங்கள் பக்கம் இருக்கும் மெசேஜை அழித்தாலும் அந்தப் படம் அழியாது. ஐபோனில் அழித்த படங்கள் அண்மையில் நீக்கியவை என்ற தொகுப்பில் 30 நாள் வரை இருக்கும். அங்கிருந்தும் நீக்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.