நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒரு பத்தியில் மட்டும் ஏன் திணறுகிறாள்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வளரும் என் மகளும் கடலோர உவரியில் வளரும் அவள் தோழியும் ஒரே அளவு நன்றாக வாசிப்பார்கள். ஒரே பத்தியை ஒருத்தி உடனே புரிந்துகொள்கிறாள், இன்னொருத்தி திணறுகிறாள். ஏன்?

பத்தி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை, அதுதான் காரணம். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்: "அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. கடைமடைக்காரர்கள் பிசானத்தை நம்பினார்கள்."

அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு இடைவெளி தானாக நிரம்பிவிடும். மழை இல்லையென்றால் அணையில் தண்ணீர் இல்லை, கார் நெல் போச்சு, கால்வாயின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது, அடுத்து வடகிழக்குப் பருவமழையில் வரும் பிசான நெல்தான் கதி. உவரிப் பிள்ளையும் தடங்கலில்லாமல் வாசிப்பாள். ஆனால் "பிசானம்" ஊரா, ஆளா என்று யோசிக்கும்போதே முந்தின வரி நினைவிலிருந்து நழுவிவிடும். வலையும் வாடைக்காற்றும் வரும் பத்தியைக் கொடுங்கள், நிலைமை தலைகீழாகும்.

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதை நன்றாக நினைவுகூர்ந்தார்கள்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் "ஏன் பிசானத்தை நம்பினார்கள்?" என்று கேளுங்கள். வாசிப்பு சரளமாக இருந்து பதில் வராவிட்டால், குறை எழுத்துக்கூட்டுவதில் இல்லை. கார், பிசானம், கடைமடை மூன்றையும் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு மறுபடி வாசிக்கவிடுங்கள். அந்தப் பேச்சு நெல் பத்திக்கு உதவும், உப்பளம் பற்றிய பத்திக்கு உதவாது.