சிறிய பட்டறைக்கு இயந்திரம்: லீஸா, தவணையில் சொந்தமாகவா?

கேள்வி: சிறிய பட்டறைக்கு ஒரு மில்லிங் இயந்திரம் தேவைப்படுகிறது. லீஸுக்கு ஒரு விலைப்புள்ளியும், தவணையில் வாங்க ஒரு விலைப்புள்ளியும் கையில் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதத் தொகைகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. இயந்திரம் உங்களிடம் இருக்கப்போகும் காலம் முழுவதற்கும் கையை விட்டுப் போகும் பணத்தைக் கூட்டி, கடைசியில் அதை விற்றால் திரும்பி வரும் தொகையைக் கழித்துப் பாருங்கள்.

விலை 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். முன்பணம் 20,000 போக மீதி 80,000-க்கு, குறையும் நிலுவை மீது ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 தவணைகள் என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,657. பராமரிப்புக்கு மாதம் 500 சேர்த்தால் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 1,33,652 செலவாகும். இயந்திரத்தை 40,000-க்கு விற்க முடிந்தால் நிகரச் செலவு 93,652. பராமரிப்பும் அடங்கிய லீஸ் மாதம் 3,000 எனில் மூன்று ஆண்டுகளுக்கு 1,08,000 ஆகிறது. ஆகவே வாங்குவதே மேல். ஆனால், பழைய இயந்திரத்துக்கு 25,652-க்கும் குறைவாகவே கிடைக்கும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் அதே வகையில் மூன்று ஆண்டு ஓடிய இயந்திரம் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரிப்பதைத்தான் நான் முதல் வேலையாக வைத்துக்கொள்வேன்.

இதே இயந்திரம் ஓர் ஆண்டு ஒப்பந்த வேலைக்கு மட்டும் தேவை என்றால் முடிவு மாறும். பன்னிரண்டு தவணைகளுக்குப் பின் அடைக்க வேண்டிய நிலுவை சுமார் 56,440. அதையும் அடைத்து, இயந்திரத்தை 65,000-க்கு விற்றாலும் நிகரச் செலவு 49,000-ஐத் தாண்டும். ஓராண்டு லீஸ் மாதம் 3,600 என்று சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் மொத்தம் 43,200தான்.

தவணை விலைப்புள்ளியில் வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அதே 12 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கும் முழு 80,000 மீதே போட்டால் தவணை 3,022 ஆகிவிடும். குறையும் நிலுவை முறையில் பார்த்தால் அது சுமார் 21 சதவீத வட்டி. லீஸ் ஒப்பந்தத்தில் மாதாந்திர ஓட்ட நேர வரம்பு, வரம்பு மீறினால் மணிக்கு எவ்வளவு, இடையில் திருப்பிக் கொடுத்தால் எத்தனை மாதத் தொகை கட்ட வேண்டும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டு நேரத்தைக் கணிக்கும்போது வரும் என்று நம்பும் வேலைகளை ஒதுக்கிவிட்டு, வெளியில் கொடுத்துச் செய்து வாங்கிய வேலைகளின் பழைய பில்களில் உள்ள மணிநேரத்தை மட்டும் கூட்டுங்கள். மேற்கண்ட கணக்கில் சொந்த இயந்திரத்தின் நிகரச் செலவு மாதத்துக்குச் சுமார் 2,600. மின்சாரமும் கூலியும் போக, வெளியே கொடுக்காததால் மணிக்கு 50 மிச்சமாகும் என்றால், மாதம் 52 மணிநேரமாவது ஓடினால்தான் அது தன் செலவை ஈடுகட்டும். பில்கள் 30 மணிநேரத்தைத்தான் காட்டுகின்றன என்றால், இப்போதைக்கு இரண்டு விலைப்புள்ளிகளையும் ஒதுக்கிவிட்டு, வேலையை வெளியிலேயே கொடுத்து வாங்குவதுதான் சரி.