இங்கிலாந்துல சொலிசிட்டர் ஆகிறதுக்கான எஸ்கியூஇ ஒன் பரீட்சையோட மாக்ல எப்பவும் கடைசி 15 கேள்விய தொடாமலே டைம் முடிஞ்சிடுது. ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் குடுக்கணும், திரும்பிப் பாக்க டைம எங்கேருந்து எடுக்கிறது?

முதல்ல கணக்க பாத்துடலாம். ஒரு செஷன்ல 90 கேள்வி, 2 மணி 33 நிமிஷம், மொத்தம் 153 நிமிஷம். வகுத்தா கேள்விக்கு 1 நிமிஷம் 42 செகண்ட் வரும், நெறைய பேரு அதையே டார்கெட்டா வச்சிக்கிறாங்க, அப்படி வச்சா 90வது கேள்வியோட டைமும் காலி, ரிவியூ பண்ண ஒண்ணும் மிஞ்சாது. ஒன்றரை நிமிஷம்னு வைங்க. 135 நிமிஷத்துல ஒரு சுத்து முடியும், 18 நிமிஷம் கையில நிக்கும்.

அதுக்காக ஒவ்வொரு கேள்விக்கும் டைமர பாத்துக்கிட்டே இருந்தா படிக்கிறது மண்டையில ஏறாது. ஸ்கிரீன்ல மிச்ச நேரம்தான் ஓடும், அதனால மூணே நம்பர், 108, 63, 18. 30வது கேள்வி முடியும்போது 108 நிமிஷம் மிச்சம் இருக்கணும், 60வதுக்கு 63, 90வதுக்கு 18. உக்காந்த உடனே அங்க குடுக்கிற அழிக்கிற போர்டுல இத எழுதிடுங்க. 30வதுல 100தான் இருக்குன்னா 8 நிமிஷம் பின்னாடி இருக்கீங்க, பதறி அடுத்த பத்து கேள்விய அரைகுறையா படிச்சுத் தள்ளாதீங்க. மிச்சம் 60 கேள்வில பிரிச்சா கேள்விக்கு 8 செகண்ட் குறைச்சா போதும்.

ஒன்றரை நிமிஷம்ங்கிறது சராசரிதான் லா. சில கிரிமினல் லா கேள்வி 50 செகண்ட்ல முடியும், அங்க மிச்சமானது கணக்கு கேள்விக்கு போகும். உதாரணத்துக்கு இப்படி ஒண்ணு: இங்கிலாந்துலயே வாழ்ந்த ஒருத்தர் இறந்துட்டாரு, சொத்து 600,000 பவுண்ட், மனைவிக்கு 200,000 ரொக்கம், வீடு உட்பட மிச்சமெல்லாம் அண்ணன் மகனுக்கு, உயிரோட இருந்தப்ப யாருக்கும் எதுவும் குடுக்கல, வரி எவ்வளவு? கடைசி வாக்கியத்த முதல்ல படிங்க. வரி கேக்கிறாங்கன்னு தெரிஞ்சா, மனைவிக்கு எவ்வளவு, வீடு யாருக்குன்னு தேடிக்கிட்டே மேல இருந்து வரலாம், ரெண்டாவது தடவ படிக்க வேண்டியதில்ல. மனைவி பங்குக்கு வரி கிடையாது, மிச்சம் 400,000, அதுல வரியே இல்லாத வரம்பு, அதாவது நில் ரேட் பேண்ட், 325,000 போக 75,000, அதுக்கு 40 சதவீதம், 30,000. ஆப்ஷன்ல 110,000 இருக்கும், அது மனைவி விலக்க மறந்தவங்களுக்கு. சைபர்னு ஒண்ணு இருக்கும், அது வீட்டுக்குன்னு கூடுதலா கிடைக்கிற ரெசிடென்ஸ் நில் ரேட் பேண்டயும் சேத்துக்கிட்டவங்களுக்கு, ஆனா அது பிள்ளை, பேரப்பிள்ளைன்னு நேர் வாரிசுக்கு வீடு போனாத்தான், அண்ணன் மகன் அதுல வரமாட்டாரு. ரூல் தெரிஞ்சா இது ஒன்றரை நிமிஷத்துல அடங்கும்.

தெரியலன்னா எங்க நிறுத்துறதுங்கிறதுலதான் உங்க 15 கேள்வி போகுது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நாங்க சேந்து படிக்கிற குரூப்ல ஒரு தங்கச்சிக்கு இதே கதைதான், கேள்விவாரியா டைம் எடுத்துப் பாத்தா முக்காவாசி கேள்விக்கு அவ வேகம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா டிரஸ்ட் கேள்வி ஒரு ஏழெட்டுல நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு உக்காந்திருந்தா. நான் சொன்னது, அதே விவரத்த மூணாவது தடவ படிக்க ஆரம்பிச்சீங்கன்னா அங்கயே நிறுத்திடுங்க, எப்படியும் ரெண்டரை நிமிஷத்த தாண்டக்கூடாது. தப்புக்கு மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால காலியா விடாம ஒரு பதில அமுக்கி, ஃபிளாக் போட்டு நகருங்க.

ஃபிளாக் மட்டும் போட்டா பத்தாது. போர்டுல `47 B/D`ன்னு எழுதுங்க, அதாவது மத்த மூணையும் நான் ஏற்கனவே தள்ளிட்டேன்னு அர்த்தம். ரூலே தெரியாத கேள்விக்கு பக்கத்துல ஒரு கோடு. கடைசி 18 நிமிஷத்துல முதல்ல ரிவியூ ஸ்கிரீன்ல காலியா எதுவும் இருக்கான்னு பாருங்க, அப்புறம் ரெண்டு எழுத்து போட்ட கேள்விங்க. அதுங்களுக்கு ஒரு நிமிஷம் போதும், ஏன்னா அஞ்சு ஆப்ஷனையும் திரும்ப எடை போட வேண்டியதில்ல. கோடு போட்டத நேரம் இருந்தா தொடுங்க, தெரியாத ரூல் 18 நிமிஷத்துல வந்துடாது.

முதல்ல போட்ட பதில மாத்தவே கூடாதுன்னு கேஎல்ல சீனியருங்க நெறைய பேரு சொல்வாங்க. அது சரியில்ல, பதில மாத்துறத பத்தி நடந்த ஆய்வுங்கள்ல தப்புலேருந்து சரிக்கு மாறினதுதான் அதிகம். நான் வச்சிருக்கிற கணக்கு, கேள்வில விட்டுட்ட ஒரு வார்த்தைய, ஒரு தேதிய விரல் வச்சு காட்ட முடிஞ்சா மாத்துங்க, சும்மா மனசு ஒரு மாதிரி இருக்குன்னு மாத்தாதீங்க.

இன்னொண்ணு, முதல் செஷன முடிச்சுட்டா பிரேக்குக்கு அப்புறம் அந்த 90க்கு திரும்பப் போக முடியாது, அதனால ஃபிளாக் போட்டதெல்லாம் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். ரெண்டாவது செஷனுக்கு போர்டுல அதே 108, 63, 18ஐ திரும்ப எழுதிக்குங்க.